மூன்று உரையாடல்கள், ஓர் அறிவிப்பு

பினாங்கிலுள்ள ஓர் இடைநிலைப்பள்ளியின் தமிழ்மொழிக் கழகத்தினர், கெடா மாநிலத்தின் பூஜாங் பள்ளத்தாக்குத் தொல்பொருள் அருங்காட்சியகத்திற்குச் செல்லத் திட்டமிட்டனர். பயண விவரங்கள் மூன்று இடங்களில் சிதறிக் கிடந்தன. மாணவர்கள் செயற்குழுவின் புலனக் குழுவில் பேசினர். பெற்றோர் தங்கள் குழுவில் கேள்விகள் கேட்டனர். பொறுப்பாசிரியர் பேருந்து உரிமையாளரிடம் தனியாகப் பேசி, அந்த உரையாடலைச் செயலாளருக்கு அனுப்பி வைத்தார். இவற்றை ஒரே அறிவிப்பாகத் தொகுக்கும் பொறுப்பு நான்காம் படிவ மாணவியான செயலாளரிடம் வந்தது.

அவர் உடனே அறிவிப்பை எழுதத் தொடங்கவில்லை. எந்த நாள், எத்தனை மணி, எத்தனை பேர் என்று மூன்று தலைப்புகளை ஒரு தாளில் இட்டார். தொடர்புடைய ஒவ்வொரு செய்தியையும் உரிய தலைப்பின்கீழ் எடுத்தெழுதினார். அதன் பக்கத்தில், அதைச் சொன்னவர் யார், எப்போது சொன்னார் என்றும் குறித்தார். தனித்தனியாகப் படித்தபோது கண்ணில் படாத முரண்கள், அருகருகே வைத்ததும் தெரிந்தன.

முதலில் நாள். ஜூலை 29, புதன்கிழமையன்று ஆசிரியர் “அடுத்த சனிக்கிழமை” என்று எழுதியிருந்தார். சில பெற்றோர் அதை ஆகஸ்டு 1 என்று புரிந்துகொண்டனர். பேருந்து உரிமையாளரிடமோ அவர் ஆகஸ்டு 8 என்று தெளிவாகச் சொல்லியிருந்தார். ‘நாளை’, ‘அடுத்த வாரம்’ போன்ற சொற்களின் பொருள், அவை எழுதப்பட்ட நாளைப் பொறுத்தது. எனவே, செயலாளர் அவற்றை நீக்கிவிட்டு, ‘ஆகஸ்டு 8, சனிக்கிழமை’ என்று எழுதினார்.

அடுத்தது நேரம். பேருந்து காலை மணி 7.30க்குப் புறப்படும் என்று திங்கட்கிழமை செயற்குழுவில் ஒருவர் எழுதியிருந்தார். புதன்கிழமை பேருந்து உரிமையாளர் அதை மணி 7.00 என்று மாற்றினார். ஆனால், வியாழக்கிழமை பெற்றோர் குழுவில் மீண்டும் 7.30 என்றே ஒரு செய்தி வந்தது. கடைசியாக வந்ததே சரி என்று எடுத்துக்கொண்டால் பயணமே குழம்பிவிடும். ஏனெனில், அது திங்கட்கிழமைச் செய்தியைத்தான் யாரோ மறுபடியும் பகிர்ந்தது. பகிரப்பட்ட செய்தியில் பகிர்ந்த நேரம்தான் தெரியும். முதலில் எழுதிய நேரம் தெரியாது. ஆகவே, எது பிந்தி வந்தது என்று பார்ப்பது போதாது. அந்த விவரத்தை முடிவு செய்யும் பொறுப்பு யாருடையது, அவர் கடைசியாக என்ன சொன்னார் என்பதையே பார்க்க வேண்டும்.

ஒரு விவரம் மாறினால் அதைச் சார்ந்தவையும் மாறும். “மணி 7.00க்குக் கூடுங்கள், 7.30க்குப் புறப்படுவோம்” என்பது பழைய செய்தி. அதில் 7.30ஐ மட்டும் 7.00 ஆக்கினால், கூடும் நேரமும் புறப்படும் நேரமும் ஒன்றாகிவிடும். புறப்படுவதற்கு அரை மணி நேரம் முன்பே கூட வேண்டும் என்பதே செயற்குழுவின் முடிவு. எனவே, கூடும் நேரத்தைச் செயலாளர் காலை மணி 6.30 என்று திருத்தினார்.

எண்ணிக்கைதான் அவரை அதிக நேரம் யோசிக்க வைத்தது. செயற்குழு 38 பேர் என்றது. ஆசிரியர் 41 பேர் என்றார். இது முரண் அன்று. முன்னது மாணவர் மட்டும். பின்னது மூன்று ஆசிரியர்களையும் சேர்த்தது. உண்மையான சிக்கல் வேறோர் இடத்தில் ஒளிந்திருந்தது. 44 இருக்கைப் பேருந்து பழுதாகிவிட்டதால் 40 இருக்கைப் பேருந்தை அனுப்புவதாக உரிமையாளர் புதன்கிழமைச் செய்தியின் இறுதியில் குறிப்பிட்டிருந்தார். யாரும் யாரையும் மறுக்கவில்லை. எல்லாரும் சொன்னது உண்மையே. ஆனாலும், 41 பேருக்கு 40 இருக்கைகள் போதா.

இதைத் தாமாக முடிவு செய்யச் செயலாளருக்கு உரிமை இல்லை. ஊகித்து எழுதாமல், அவ்விடத்தில் சிவப்பு மையால் ஒரு கேள்விக்குறி இட்டு, ஆசிரியரைத் தொலைபேசியில் அழைத்தார். ஓர் ஆசிரியர் தமது சொந்தக் காரில் வருவதாக ஏற்பாடாகியது. 38 மாணவர்களும் இரண்டு ஆசிரியர்களும் பேருந்தில் செல்வர் என்பது உறுதியானதும் கேள்விக்குறி நீங்கியது.

யார், எப்போது சொன்னார் என்ற குறிப்புகளை இறுதி அறிவிப்பில் அவர் சேர்க்கவில்லை. யாரேனும் கேட்டால் காட்டுவதற்காக அந்தத் தாளைத் தம்மிடமே வைத்துக்கொண்டார். ஆசிரியர் சரிபார்த்த பிறகு, அறிவிப்பு இரு குழுக்களுக்கும் பேருந்து உரிமையாளருக்கும் ஒரே வடிவில் சென்றது. அதன் முதல் வரி, “இதற்கு முன் பகிரப்பட்ட நேர விவரங்கள் இனிச் செல்லாது” என்பதாகும்.