முதல் சுற்றை நான் போட்டுக் கொடுப்பேன்

எட்டுப் பேர். எல்லாரும் அறுபதைத் தாண்டியவர்கள், ஒருவரும் குரோஷே ஊசியைத் தொட்டதில்லை. இடம் பாசிக்குடாவில் ஒரு பல்நோக்கு மண்டபம், நேரம் ஒரு மணித்தியாலம். போகும்போது ஒவ்வொருவர் கையிலும் தேநீர்க் கோப்பைக்குக் கீழே வைக்கிற ஒரு கோஸ்டர் இருக்கவேண்டும். இப்படி ஒரு வகுப்புக்கு நான் திட்டம் போடுவது கோஸ்டரிலிருந்து பின்னோக்கித்தான்.

குரோஷேயில் ஆகக் கடினமான இடம் ஆரம்பம். முதல் முடிச்சு, சங்கிலி, அந்தச் சங்கிலியை வளையமாக்கி அதற்குள்ளேயே முதல் சுற்றை ஏற்றுவது என்று எல்லாம் அங்கேதான் கிடக்கிறது. பிடிப்பதற்குத் துணி என்று ஒன்றும் இன்னும் உருவாகியிருக்காது. ஒரு விரல் நீளத்துக்கு முறுகிக்கொண்டு நிற்கிற நூலை இடது கையில் பிடித்துக்கொண்டு, துளை எங்கே என்று தேடவேண்டும். பழகிய கைக்கே அலுப்புத் தருகிற வேலை அது. புத்தகங்கள் எல்லாம் அங்கிருந்துதான் தொடங்குகின்றன. முதியவர்களை அங்கே கொண்டுபோய் நிறுத்தினால் அரை மணி அதிலேயே போய்விடும், மிச்ச அரை மணியில் "எனக்கு இது வராது புள்ள" என்று ஊசியைக் கீழே வைத்துவிடுவார்கள்.

அதனால் முதல் சுற்றை நான் வீட்டிலேயே போட்டு எடுத்துக்கொண்டு போகிறேன். இது ஏமாற்று வேலை என்று சொன்னவர்களும் உண்டு. ஆந்திராவில் கோதாவரிக் கரையில் உள்ள நர்சாப்பூரில் 19ஆம் நூற்றாண்டில் மிஷனரிமார் கொண்டுவந்த குரோஷே லேஸ் வேலை இன்றைக்கும் நடக்கிறது. அங்கே ஒரு வீட்டுப் பெண் பூக்களை மட்டும் பின்னுவாள், இன்னொருத்தி அவற்றை ஒன்றோடொன்று இணைப்பாள். மரியா மீஸ் 1982இல் வெளியிட்ட ஆய்வு நூலில் இந்த வேலைப் பங்கீட்டை விரிவாக எழுதியிருக்கிறார். கூலி எவ்வளவு குறைவாகக் கிடைத்தது என்பதும் அதில் இருக்கிறது, அது வேறு கதை. ஒருவர் தொடங்கியதை இன்னொருவர் தொடர்வது இந்தக் கைவேலையில் புதிதல்ல என்பதற்காகச் சொன்னேன்.

நான் போட்டுக் கொடுப்பது இளநீல நூலில். நாலு சங்கிலியை வளையமாக்கி, அதற்குள் பன்னிரண்டு தூண். புத்தகத்தில் ட்ரெபிள் என்று இருப்பதை வகுப்பில் நாங்கள் தூண் என்கிறோம், பார்க்க அப்படித்தான் நிற்கும். பன்னிரண்டு தூணுக்கு நடுவே பன்னிரண்டு இடைவெளி. அதில் ஓர் இடைவெளியில் வெளிர்மஞ்சள் நூலைக் கட்டி, மூன்று சங்கிலி ஏற்றி, நுனிக் கண்ணி அவிழாமல் ஒரு சட்டைப் பின்னைக் குத்திவிடுவேன். மூன்றாவது சங்கிலியின் தலையில் இன்னொரு பின். அது எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

மாணவர் செய்யவேண்டியது இவ்வளவுதான். மூன்று சங்கிலி நிற்கிற இடைவெளியில் ஒரு தூண், மற்றப் பதினொரு இடைவெளியிலும் இரண்டிரண்டு தூண். இரண்டாம் சுற்று முடிந்தது. மூன்றாம் சுற்றில், சோடிக்கும் சோடிக்கும் நடுவே இருக்கிற இடைவெளியில் மூன்று மூன்று. முதல் மூன்றில் ஒன்று மட்டும் மறுபடியும் சங்கிலியால் ஆனது. எந்தச் சுற்றிலும் பன்னிரண்டு இடைவெளிதான். இரண்டு, பிறகு மூன்று என்று நினைவில் வைத்தால் போதும்.

தூணின் தலையில் உள்ள இரண்டு இழைக்குக் கீழே ஊசியை விடுவதுதான் வழக்கமான முறை. கண்ணில் வெள்ளை படர்ந்தவருக்கு அந்த இரண்டு இழை தெரியாது. இடைவெளி அப்படியல்ல, விரல் நுனியால் தடவினாலே அகப்படும். மஞ்சள் நூல் இளநீலத்தின் நடுவே இறங்குவதால் எங்கே குத்தினோம் என்பதும் தெரியும். கறுப்பு, கருநீலம், பல நிறம் கலந்த நூல் எதையும் இந்த வகுப்புக்குள் விடமாட்டேன். எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி.

நூல் பருத்தியாக இருக்கவேண்டும், கொஞ்சம் தடித்ததாகவும் இருக்கவேண்டும். அக்ரிலிக் கம்பளி நூல் மலிவுதான், ஆனால் வாவிக் காற்றில் வியர்க்கிற கையில் ஒட்டும், தேநீர் சிந்தினாலும் உறிஞ்சாது. 50 கிராம் உருண்டை இரண்டு பேருக்கு. பாதிக்கு மேல் மிஞ்சும், மிஞ்சட்டும். ஊசி ஐந்தரை மில்லிமீற்றர், அலுமினியம். பிடி மெல்லியதாக இருப்பதால் பழைய சைக்கிள் ரியூப்பைக் கீலமாக வெட்டி அதன்மேல் சுற்றிக் கட்டிக்கொள்வேன். பெருவிரல் மூட்டு நோகிறவருக்கு இது பெரிய ஆறுதல். ஊசியைப் பேனையைப் போலப் பிடிக்கச் சொல்வதில்லை. மீன் வெட்டுகிற கத்தியைப் பிடிக்கிற பிடியே பிடிக்கட்டும், அது எல்லாருக்கும் தெரிந்த பிடி.

மடியில் கடும்பச்சைச் சாரம் ஒன்றை விரித்தால் வெளிர் நூல் எடுப்பாகத் தெரியும். நூல் உருண்டையைச் சொப்பிங் பையில் போட்டுக் கதிரைக் கையில் கொழுவிவிடவேண்டும், இல்லாவிட்டால் மண்டபம் முழுக்க உருளும். கதிரைகளை அரைவட்டமாகப் போட்டு வெளிச்சம் தோளுக்குப் பின்னாலிருந்து வரும்படி பார்த்துக்கொள்வேன். கடற்கரைப் பக்க யன்னலைப் பார்த்து உட்கார்ந்தால் கண் கூசும். கற்றுக்கொடுக்கும்போது பக்கத்தில் உட்காரவேண்டும். எதிரே உட்கார்ந்தால் நான் செய்வது அவர்களுக்கு இடம் வலமாகத் தெரியும். இடக்கைப் பழக்கம் உள்ளவருக்கு மட்டும் எதிரே உட்காருவேன், அவருக்கு அதுதான் சரி.

முதல் ஐந்து நிமிடம் இருக்கைக்கும் கண்ணாடி தேடுவதற்கும் போகும். அடுத்த பத்து நிமிடம் சங்கிலி, வேறொரு துண்டு நூலில். முதல் முடிச்சை நானே போட்டு ஊசியில் ஏற்றி வைத்திருப்பேன். நூலை ஊசிமேல் போடுவது, கண்ணிக்குள்ளால் இழுப்பது, அவ்வளவுதான். இதில் அழகு பார்ப்பதில்லை. கை எவ்வளவு இறுக்கம் என்பதைத்தான் நான் பார்த்துக்கொண்டு வருவேன்.

இங்கே கரைவலைக்காரரும், வலை பொத்திப் பழகிய ஐயாமாரும் வகுப்புக்கு வருவார்கள். விரல் வேகத்தில் அவர்களை யாரும் மிஞ்ச முடியாது. ஆனால் வலை முடிச்சை ஒவ்வொரு முறையும் இழுத்து இறுக்கினால்தான் அது வலை. குரோஷேயில் அதே பழக்கத்தில் இழுத்தால் கண்ணி ஊசியின் கழுத்தைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும், அடுத்த இழுப்பில் ஊசித் தலை வெளியே வராது. அவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: கண்ணியை ஊசியின் மெல்லிய கழுத்தில் விடாதீர்கள், தடித்த உடம்புக்கு ஏற்றிவிட்டு அடுத்ததைப் போடுங்கள். பன் பாய் இழைத்த அம்மாமாருக்கு இந்தச் சிக்கல் வராது. அவர்கள் சொல்லாமலே எண்ணிக்கொண்டும் போவார்கள்.

கால் மணி ஆனதும் தூண். அதற்கு ஒரு வாய்ப்பாடு வைத்திருக்கிறோம். "போடு, குத்து, போட்டு இழு, ரெண்டைக் கழட்டு, ரெண்டைக் கழட்டு." முதலில் நூலை ஊசிமேல் போடவேண்டும், பிறகு இடைவெளிக்குள் குத்தவேண்டும், அங்கே நூலைப் போட்டு வெளியே இழுக்கவேண்டும். இப்போது ஊசியில் மூன்று கண்ணி. நூலைப் போட்டு இரண்டுக்குள்ளால் இழுத்தால் இரண்டு மிஞ்சும், இன்னொரு தடவை இழுத்தால் ஒன்று. எல்லாரும் சேர்ந்து வாய்விட்டுச் சொன்னால் கை தானாகப் பின்னால் வரும். இதைவிடக் குட்டையான அரைத் தூணில் படி ஒன்று குறைவு. ஆனால் அதில் மூன்று கண்ணிக்குள்ளாலும் ஒரே இழுப்பில் இழுக்கவேண்டும், இறுக்கக் கைக்கு அது ஆகாது.

போன முறை ஓர் அம்மம்மாவின் துண்டு விளிம்பு மேலெழும்பிச் சிரட்டையைப் போலக் குழிந்தது. தான் இறுக்கிவிட்டதாக அவர் நினைத்தார். இரண்டாம் சுற்றில் சோடிகளை எண்ணினோம், பதினொன்று. ஓர் இடைவெளியைத் தாண்டிவிட்டார். அது வரைக்கும் அவிழ்த்துப் போட்டதும் சரியாகிவிட்டது. விளிம்பு குழிந்தால் முதலில் எண்ணுங்கள். எண்ணிக்கை சரியாக இருந்தும் குழிந்தால்தான் கை இறுக்கம். விளிம்பு நெளிந்து அலையடித்தால் எங்கோ ஓர் இடைவெளியில் ஒரு தூண் கூடிவிட்டது. இதைச் சுற்று முடிவதற்கு முன்னரே, துண்டை மேசையில் தட்டையாக வைத்துப் பார்க்கச் சொல்வேன்.

சுற்றை மூடுகிற இடத்தில்தான் அந்த இரண்டாவது பின் வேலை செய்கிறது. மூன்று சங்கிலியின் தலை எதுவென்று தேடி அலையாமல், பின் இருக்கிற இடத்தில் குத்தி நூலை எல்லாவற்றுக்குள்ளாலும் இழுத்துவிடலாம். அடுத்த இடைவெளிக்கு நகர்த்தி மூன்று சங்கிலி ஏற்றித் தருவதை நானோ உதவிக்கு வருகிறவரோ செய்துகொடுப்போம். அந்த நேரம் ஊசியை வைத்துவிட்டு விரலை உதறிப் பிளேன்ரீ குடிப்பார்கள். மூன்று நிமிடத்துக்கு மேல் விட்டால் ஊர்க்கதை தொடங்கிவிடும்.

மூன்றாம் சுற்று முப்பத்தைந்து தூண். எல்லாருக்கும் அது முடியாது, அதைத் திட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறேன். இரண்டு சுற்றோடு நிறுத்தினால் அகலம் ஏழு சென்ரிமீற்றர் அளவில் வரும், பிளேன்ரீ கிளாசுக்குப் போதும். மூன்று சுற்று பத்து சென்ரிமீற்றர், அது கோப்பைக்கு. இரண்டுமே முழுக் கோஸ்டர்தான். ஐம்பதாவது நிமிடத்தில் சுற்றின் நடுவில் நிற்கிறவரிடம் கேட்டுவிட்டு இரண்டாம் சுற்று வரை அவிழ்த்து மூடிக்கொடுப்பேன்.

கடைசிப் பத்து நிமிடம் நுனி மறைக்க. நூலை ஒரு சாண் விட்டு வெட்டி, கடைசிக் கண்ணிக்குள்ளால் முழுவதும் இழுத்து, காது பெருத்த மழுங்கல் ஊசியில் கோக்கவேண்டும். துண்டின் பின்பக்கம் நாலு தூணின் அடிவழியாகக் கொண்டுபோய், திரும்பவும் வந்த வழியே கொண்டுவாருங்கள். பருத்தி வழுக்கும், ஒரு பக்கம் மட்டும் ஓட்டினால் இரண்டாம் கழுவலில் நுனி வெளியே வரும்.

வீட்டுக்குப் போனதும் பேரப்பிள்ளை கைபேசியில் வீடியோ போட்டுக் காட்டும். அதில் அமெரிக்கக்காரர் இதே தூணை டபிள் குரோஷே என்பார். எங்களிடம் இருக்கிற பிரித்தானிய முறைப் புத்தகத்தில் டபிள் குரோஷே என்பது அதைவிடக் குட்டையான பின்னல். பெயரை விட்டுவிட்டுக் கையைப் பார்க்கச் சொல்லுங்கள். குத்துவதற்கு முன்னால் நூலை ஒரு தடவை ஊசிமேல் போட்டு, பிறகு இரண்டிரண்டாக இரண்டு தடவை கழற்றினால் அது நம்முடைய தூண்தான்.

இப்படி ஒரு வகுப்பு நடத்த நினைக்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். முடிந்ததும் ஊசிகளைத் திருப்பி வாங்கிப் பெட்டியில் போடாதீர்கள். ஊசியையும் மிஞ்சிய நூலையும், இன்னொரு முதல் சுற்றையும் அவர்களிடமே கொடுத்துவிடுங்கள். முடிச்சும் வளையமும் அடுத்த கிழமைப் பாடம்.