புரோநோட்டின் பின்பக்கம்

கைமாற்றாகக் கொடுத்ததைத் திரும்பக் கேட்க வாய் வராமல் வருஷத்தை ஓட்டுகிறவர்கள் நம்மிடையே நிறையப் பேர். கேட்டால் பொல்லாப்பு, கேட்காவிட்டால் நஷ்டம். 2018-ல் எனக்கும் அந்த நிலை வந்தது.

திருநள்ளாறு பக்கம் விவசாயம் பார்க்கும் என் பள்ளித் தோழனுக்கு, மகள் படிப்புக்காக 2015 ஜூன் 10 அன்று 60,000 ரூபாய் காசோலையாகக் கொடுத்திருந்தேன். வட்டி கிடையாது. ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டி, கேட்கும்போது தருவதாக அவனே புரோநோட்டு எழுதித் தந்தான்.

பிரெஞ்சுக்காரர் சிவில் சட்டத்தில் பொதுவான கெடு 30 ஆண்டாக இருந்தது. இப்போது 1963-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டப்படி இப்படிப்பட்ட நோட்டுக்கு 3 ஆண்டுதான். அதுவும் நாம் பணம் கேட்ட நாளிலிருந்து அல்ல, நோட்டு எழுதிய நாளிலிருந்து. ஆக, 2018 ஜூனோடு என் நோட்டு காலாவதி.

ஐப்பசி, கார்த்திகையில் அவன் பணமெல்லாம் வயல் தண்ணீரில் நிற்கும். அப்போது கேட்பது நியாயமில்லை. சம்பா அறுவடை முடியட்டும் என்று மாசிவரை பொறுத்தேன். வீட்டில் மனைவி மக்கள் எதிரில் கேட்காமல், அரசலாற்றங்கரையில் நடக்கும்போது சொன்னேன்:

“நோட்டு ஜூன்ல காலாவதி ஆவுதுப்பா. முழுசும் இப்ப வேணாம். முடிஞ்சதக் குடுத்துட்டு பின்னாடி வரவு எழுதிடு. எனக்கு ஒண்ணு ஆயிட்டா, என் பிள்ளைங்களும் நீயும் இதுக்காக முகம் சுளிக்கக் கூடாது.”

ஒரு நிமிஷம் பேசாமல் நடந்தான். பிறகு, “நானே எப்படிப் பேச்சை எடுக்கிறதுன்னுதான் இருந்தேன்” என்றான்.

மார்ச் 3 அன்று 5,000 ரூபாய் கொடுத்து, நோட்டின் பின்பக்கம் தேதி, தொகை எழுதிக் கையெழுத்துப் போட்டான். அன்றிலிருந்து புதிதாக 3 ஆண்டு கிடைத்தது. இந்த வரவைக் கடன் கொடுத்தவரே எழுதிக்கொண்டால் பயனில்லை; கட்டுகிறவர் கையால் எழுதியிருக்க வேண்டும், அல்லது அவர் கையெழுத்தாவது இருக்க வேண்டும். கையில் காசே இல்லாத நண்பர், கடன் பாக்கி இருப்பதாக எழுதிக் கையெழுத்திட்டாலும் போதும். எதுவானாலும் கெடு முடியுமுன் நடக்க வேண்டும். வாய்வார்த்தையாக “தந்துடுறேன்” என்பது கணக்கில் வராது. கெடு தாண்டிவிட்டால், பழைய கடனைத் தருவதாக அவர் மறுபடி எழுதிக் கையெழுத்திட்டால்தான் வழி. அதைக் கேட்பது இன்னும் சங்கடம்.

மாசி 2019-ல் 25,000, மாசி 2020-ல் 30,000 என்று வங்கி வழியாகவே வந்து சேர்ந்தது. இடையில் ஒருமுறைகூட நான் பணப் பேச்சை எடுக்கவில்லை. அறுவடைதான் தவணை என்பது இருவருக்கும் தெரியும். கடைசித் தொகை வந்ததும், முழுவதும் பெற்றுக்கொண்டேன் என்று அதே பின்பக்கத்தில் எழுதிக் கையெழுத்திட்டு, நோட்டை அவனிடமே கொடுத்துவிட்டேன். இன்றும் புது அரிசி வந்தால் முதல் மூட்டை எங்கள் வீட்டுக்குத்தான். அதற்கு மட்டும் காசு வாங்க மாட்டேன் என்கிறான்.