முதுகுப் பக்கம் ஒரு கை

தில்லி ஐ.டி.ஓ. சந்திப்பில் சிக்னல் விளக்கு அணைந்துவிட்டால், நடுவில் நிற்கும் போக்குவரத்துக் காவலரின் உடம்புதான் விளக்கு. தில்லி கேட்டைப் பார்த்து நிற்கும் அவர் நீளமாக ஒரு விசில் ஊதுகிறார். விசில் 'நில்' என்று மட்டும் சொல்லும். யார் நிற்க வேண்டும் என்பதைச் சொல்வது கை. உள்ளங்கை தெரிய உயர்த்திய வலது கை, எதிரே வருகிறவர்களுக்கு. தோள் மட்டத்தில் பக்கவாட்டில் நீட்டிய இடது கை, முதுகுக்குப் பின்னால் திலக் மார்க்கிலிருந்து வருகிறவர்களுக்கு.

தகராறு இந்த இடது கையில்தான். அது இடப்பக்கம் வழி காட்டுகிறது என்று எண்ணி, புதிதாக வரும் ஸ்கூட்டர்காரர் வேகத்தைக் குறைக்காமல் நுழைந்துவிடுகிறார். அந்தக் கை வழிகாட்டி அல்ல, மூடிய ரயில்வே கேட்.

இரு பக்கமும் நின்று, நடுவில் மாட்டிக்கொண்ட கடைசி பஸ்ஸும் கடக்கும்வரை கைகள் இறங்குவதில்லை. பிறகுதான் முகத்தை வலப்புறம் திருப்பி, வலது முழங்கையை மடக்கி, இரண்டு குட்டை விசில்களோடு யமுனைப் பாலத்துப் பக்கமிருந்து வரும் வண்டிகளை அழைக்கிறார். இடது கை மட்டும் நீட்டியபடியே இருக்கிறது. கண் எட்டாத பக்கத்துக்கு அவரிடம் வேறு காவல் இல்லை.