விளக்குப் பெட்டியும் ஆர்டர் அலையும்

விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைகளில் அகல் விளக்கு அச்சில் வார்க்கப்பட்டு, உலர்ந்து, சூளையில் வெந்து, மொத்த வியாபாரி வழியாகக் கடைக்குப் போய்ச் சேர நாள் பிடிப்பதால், இன்று எழுதும் ஆர்டர் இன்றைய தேவைக்கு அன்றி வரப்போகும் வாரங்களின் தேவைக்கே விடை சொல்கிறது. கையிருப்பைப் பார்த்து ஆர்டர் எழுதுவதும், அந்த ஆர்டரே பின்னர்க் கையிருப்பை மாற்றுவதுமாகிய இச்சுழற்சியைப் பின்னூட்டம் என்பர். நடுவில் தாமதம் புகுந்தால் இது அலைபாயும் என்பதை ஜே ஃபாரஸ்டர் 1961-இல் வெளியிட்ட நூலில் விரிவாகக் காட்டினார்.

ஒவ்வொரு படியிலும் சரக்கு வர மூன்று வாரம் ஆகிறது என்றும், அதனால் ஒவ்வொருவரும் கையிருப்பும் வழியிலுள்ள சரக்கும் சேர்ந்து மூன்று வார விற்பனைக்குச் சமமாக இருக்குமாறு பார்த்துக்கொள்கிறார் என்றும் ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்ளலாம். வாரம் 100 பெட்டி விற்ற கடையில் விற்பனை 110-க்கு ஏறி அங்கேயே நிலைக்கிறது. கடைக்காரர் விற்ற 110-ஐ ஈடுகட்டவும், இலக்கை 300-லிருந்து 330 ஆக்கவும் 140 பெட்டி கேட்கிறார். தேவையே 140 ஆகிவிட்டது என்று கொள்ளும் மொத்த வியாபாரி, தம் இலக்கை 420 ஆக்குவதற்காக 260 கேட்கிறார். பட்டறையோ அதே விதிப்படி 740 பெட்டிக்குக் களிமண் கரைக்கிறது. மறுவாரம் கடையின் ஆர்டர் 110-க்குத் திரும்ப, மொத்த வியாபாரியின் ஆர்டர் 20-க்கு விழுகிறது, பட்டறையில் வேலை நின்றுவிடுகிறது. ஒருவரும் கணக்கில் தவறவில்லை என்பதே இதில் கவனிக்க வேண்டியது: பத்து விழுக்காட்டு ஏற்றம் ஒவ்வொரு படியிலும் நான்கு மடங்காகிறது, தாமதம் நீண்டால் அந்த மடங்கும் கூடுகிறது.

வழியிலுள்ள சரக்கைக் கணக்கில் சேர்க்க மறந்தால் நிலைமை இன்னும் மோசமாகும், ஏனெனில் ஒரே பற்றாக்குறைக்குச் சரக்கு வந்து சேரும்வரை வாரந்தோறும் திரும்பத் திரும்ப ஆர்டர் போகும். பின்னர் எல்லாம் ஒருசேர வந்து குவிந்ததும் ஆர்டர் அறவே நிற்கும், இருப்பு தீர்ந்ததும் அடுத்த அலை எழும். கார்த்திகைக்கு முன் தேவை உயர்வது இயல்பான பருவ ஏற்றமே; கடையில் விற்பனை சீராக இருக்கும்போதும் பட்டறைக்கு வரும் ஆர்டர் ஏறி இறங்குமானால், அந்த அலை சங்கிலிக்குள்ளேயே பிறந்தது என்று அறியலாம்.

மூவரும் தத்தம் இலக்கைக் கடையின் விற்பனையாகிய 110-ஐ வைத்தே திருத்துவார்களானால், ஆர்டர்கள் 140, 170, 200 என்று மட்டுமே ஏறி, மறுவாரமே மூன்றும் 110-இல் நிலைக்கும். ஆகவே பட்டறையினர் ஆர்டர் சீட்டோடு கடையின் வார விற்பனைக் கணக்கையும் கேட்டு வாங்குவது, இன்னொரு சூளை கட்டுவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை.