தங்கச்சியின் ஸ்கூட்டியும் பசறை இறக்கமும்

கொஞ்சம் நீளமான பதிவு. மலையில் ஸ்கூட்டி ஓட்டுகிறவர்கள், வீட்டில் பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்க நினைப்பவர்கள் கடைசி வரை வாசியுங்கள்.

எங்கள் கடைசித் தங்கச்சி பசறையில் ஒரு பாமசியில் வேலை செய்கிறாள். நமுனுகுலயிலிருந்து தினமும் பஸ். மாலை பஸ் தவறினால் திரீவீல்தான், அன்றைய சம்பளத்தில் பாதி அதற்கே போய்விடும். இருபது பேர் சேர்ந்த சீட்டில் மாதம் பத்தாயிரம் கட்டி வந்தாள். அது விழுந்தபோது கையில் இரண்டு இலட்சம். வங்கியில் ஒன்றரை இலட்சம் போட்டு வைத்திருந்தாள். மிச்சத்துக்கு லீசிங் போடலாம், புது ஸ்கூட்டியே எடுக்கலாம் என்று வாப்பா சொன்னார்.

"வேணாம் வாப்பா. கட்டி முடியும் வரைக்கும் அது கம்பனிட சொத்து. பழசெண்டாலும் புத்தகத்தில என்ட பேர் மட்டும் இருக்கோணும்."

அப்படியே, சில வருடம் ஓடிய 110 சீசீ ஸ்கூட்டி ஒன்றை மூன்று இலட்சத்து நாற்பதாயிரத்துக்கு எடுத்தாள். புத்தகத்தில் உள்ள எஞ்சின் இலக்கத்தையும் செசி இலக்கத்தையும் வண்டியோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் காசை எண்ணிக் கொடுத்தாள்.

மெடிக்கல், எழுத்துப் பரீட்சை எல்லாம் முடித்து லேர்னர்ஸ் எடுத்தாள். ஞாயிறு காலைகளில் தோட்டத்து மைதானத்தில் பழக்கம். ட்ரையலுக்காகச் செங்கல் வைத்து எட்டுப் போட்டாள். முதலில் ஒவ்வொரு சுற்றிலும் கால் நிலத்தில் பட்டது. முன் சக்கரத்தைப் பார்க்காமல், அடுத்துத் திரும்ப வேண்டிய இடத்தைப் பார்க்கச் சொன்னோம். பின் பிரேக்கை இலேசாகப் பிடித்தபடி கொஞ்சம் அக்சிலேட்டர் கொடுத்ததும் ஆட்டம் நின்றது. அபாயாவின் ஓரத்தை மடித்துத் தொடைக்குக் கீழே வைத்து உட்காரப் பழகினாள்.

மைதானம் சமதரை. எங்கள் பாதை அப்படியா?

எல் போர்ட் போட்டு முதல் தடவை பசறைப் பக்கம் இறங்கினாள். பின்னால் மோட்டார் சைக்கிளில் நாங்கள். இறக்கம் தொடங்கியதும் அக்சிலேட்டரை முழுதாக விட்டுவிட்டாள். பெற்றோல் மிச்சம் என்று யாரோ சொல்லிக் கொடுத்தது. 2022இல் கியூஆர் கோட்டாவில் பெற்றோல் வாங்கிய காலத்தில் எங்கள் பக்கம் பலர் இறக்கத்தில் எஞ்சினையே நிறுத்தி உருட்டினார்கள். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை.

மூன்று வளைவு தாண்டும்வரை பின் பிரேக் மட்டும் பிடித்தபடியே போனாள். நாலாவது வளைவில் வேகம் குறையவில்லை. எரிந்த வாசம் எங்களுக்கு வந்தது. முன் பிரேக்கையும் பிடித்து, மலைப்பக்கக் காணோரம் புல்லில் ஏற்றி நிறுத்தினாள். அல்ஹம்துலில்லாஹ், காயமில்லை. கை மட்டும் நடுங்கியது.

"தாத்தா, லீவர் கைப்பிடி வரைக்கும் வந்திச்சு. பிடிக்கல்ல."

அடுத்த நாள் மெக்கானிக் அண்ணன் பின் சக்கரத்தைக் கழற்றிக் காட்டினார். உராய்வு என்று வகுப்பில் படிப்பிக்கிற எங்களுக்கே அன்றுதான் இது விளங்கியது. விடாமல் பிடித்தால் ட்ரம் சூடாகி விரிகிறது, உள்ளே இருக்கும் ஷூவை விட்டு விலகுகிறது. அதனால்தான் லீவர் அவ்வளவு தூரம் வருகிறது. ஷூவின் லைனிங்கும் சூட்டில் பிடிப்பை இழக்கிறது.

"தங்கச்சி, இதில கியர் இல்ல. எஞ்சின் சுத்து குறைஞ்சா உள்ளுக்க கிளச் தானா விட்டுரும். பொறகு வண்டி சைக்கிள் மாதிரி உருளும். எஞ்சின் இழுத்துப் புடிக்காது," என்றார் அவர்.

அவர் சொன்ன முறை இதுதான். இறக்கத்துக்கு முன்பே வேகத்தைக் குறைக்க வேண்டும். எஞ்சினை நிறுத்தக் கூடாது. வண்டி சும்மா உருள்வதாகத் தெரிந்தால், நேரான துண்டில் அக்சிலேட்டரைத் துளி கொடுத்துக் கிளச்சைப் பிடிக்க வைத்து, பிறகு விட வேண்டும். எஞ்சின் 'ம்ம்' என்று முனகினால் அது வண்டியை இழுத்துப் பிடிக்கிறது. சத்தம் அடங்கினால் பிடி விட்டுவிட்டது. இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்து, வேகம் குறைந்ததும் விட்டு, திரும்பவும் பிடிக்க வேண்டும்.

இதற்கும் எல்லை உண்டு. கியர் பைக் அளவுக்கு இது இழுத்துப் பிடிக்காது. நடை வேகத்துக்கு இறங்கினால் கிளச் எப்படியும் விட்டுவிடும், அங்கே பிரேக் மட்டும்தான். வாசம் வந்தாலோ லீவர் வழமையை விடக் கூட உள்ளே போனாலோ ஓரமாக நிறுத்தி ஆறவிட வேண்டும். சூடான ட்ரம்மில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

ஷூ மாற்றிய காசையும் தன் கணக்கிலிருந்தே கொடுத்தாள். இரண்டு கிழமை அதே இறக்கத்தில் விடியற்காலையில், பஸ் வருவதற்கு முன், நாங்கள் பின்னால் வரப் பழகினாள். மூன்று மாதம் கழித்து ட்ரையலும் பாஸ்.

போன வெள்ளிக்கிழமை உம்மாவை முதல் தடவையாகப் பின்னால் ஏற்றினாள். இரண்டு பேரின் பாரம், இறக்கம். உம்மா வழி முழுக்க ஸலவாத்து ஓதிக்கொண்டு போனா. பாதியில் தங்கச்சி சொன்னாளாம்:

"உம்மா, கொஞ்சம் மெதுவா ஓதுங்க. எனக்கு எஞ்சின்ட சத்தம் கேக்கோணும்."