அந்த 1920 ரூபாய்

கொஞ்சம் நீளமான பதிவு. எங்கள் இல்ல விளையாட்டுப் போட்டிக்கு அடித்த பெனர் காசு பற்றி ஊருக்குள் கதைத்தவர்கள் இதைக் கடைசி வரை வாசிக்க வேண்டும். கதைத்தவர்களில் நானும் ஒருவன். அதனால்தான் எல்லாரும் பார்க்கும் இடத்தில் எழுதுகிறேன்.

பெனர் 12 அடி நீளம், 3 அடி உயரம் என்று கூட்டத்தில் முடிவானது. நான் அங்கிருந்தபடியே டவுன் கடைக்கு கோல் எடுத்தேன். "ஸ்கொயர் ஃபீட் எவ்வளவு?" என்று கேட்டேன். "120 ரூபாய் சேர்" என்றார்கள். வேறொன்றும் நான் கேட்கவில்லை. பன்னிரண்டு மூன்று முப்பத்தாறு, அதை 120 ஆல் பெருக்கினால் 4320. கணித ஆசிரியர் சொன்ன கணக்கு என்பதால் யாரும் மறுபேச்சுப் பேசவில்லை. பொருளாளர் நானா 4320 ரூபாயை எண்ணி ஒரு பழைய மாணவனிடம் கொடுத்தார். எங்கள் பாடசாலை வேலை என்றால் கூப்பிடாமலே வந்து நிற்கும் பிள்ளை அவன்.

அடுத்த நாள் பெனரும் வந்தது, பில்லும் வந்தது. பில்லில் 6240. மேலதிகமான 1920 ரூபாயை அவன் தன் கையிலிருந்து போட்டிருந்தான். பில்லில் அளவு எதுவும் இல்லை. "ஃபிளெக்ஸ் பெனர் 1" என்று எழுதி, கீழே தொகை மட்டும் போட்டிருந்தார்கள். "கணக்கு 4320, பில் 6240, இது எப்படி?" என்று பொருளாளர் நானா என்னைப் பார்த்தார். நான் அந்தப் பிள்ளையைப் பார்த்தேன். "கடைக்காரர் நாலடி ரோல்லதான் அடிக்கணும் எண்டு சொன்னார் சேர்" என்றான். மூன்றடி பெனருக்கு எதற்கு நாலடி ரோல் என்று நான் கேட்டேன். அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. பிறகு பார்ப்போம் என்று காசை நிறுத்தி வைத்தோம். அந்த "பிறகு பார்ப்போம்" நாலைந்து நாளில் வேறு கதையாகி ஊரைச் சுற்றி வந்துவிட்டது. பெனர் அடிக்கப்போன இடத்தில் பில்லைக் கூட்டி எழுதி வாங்கினானாம் என்று என்னிடமே ஒருவர் சொன்னார். நான் இல்லை என்று சொல்லவில்லை. சும்மா இருந்தேன்.

ஒரு வாரம் கழித்துத்தான் எனக்குப் புத்தி வந்தது. பில் தொகையை விலையால் வகுத்துப் பார்த்தேன். 6240 ஐ 120 ஆல் வகுத்தால் சரியாக 52. மீதி கிடையாது. மனம்போன போக்கில் கூட்டி எழுதிய தொகை என்றால் இப்படி மீதியில்லாமல் வகுபடுவது அபூர்வம். ஆகவே கடைக்காரர் எதையோ அளந்து 52 சதுர அடி என்று கணக்குப் போட்டிருக்கிறார். நாங்கள் போட்டது 36. இடையில் இருக்கும் 16 சதுர அடி எங்கே?

பெனரைக் களஞ்சிய அறையிலிருந்து எடுத்து வந்து விரித்து, டேப்பால் அளந்தேன். முன்பக்கம் 12 அடிக்கு 3 அடிதான். திருப்பிப் பார்த்தேன். இடது, வலது ஓரங்களில் கம்பு நுழைப்பதற்காக 6 அங்குலம் பின்னால் மடித்து ஒட்டியிருந்தது. மேலும் கீழும் 3 அங்குல மடிப்பு. கயிறு கட்டும் ஐலட் வளையங்களை அந்த மடிப்பின் மேல்தான் அடித்திருந்தார்கள். ஒற்றை ஃபிளெக்ஸில் வளையம் அடித்தால் ஒரு காற்றுக்கே கிழிந்துவிடும் என்பது மைதானத்தில் பெனர் கட்டியவர்களுக்குத் தெரியும். ஆக, இந்த மடிப்பு வீண் இல்லை. கண்ணுக்குத் தெரியவில்லையே தவிர, அதுவும் காசு கொடுத்து வாங்கிய ஃபிளெக்ஸ்தான்.

இதை அப்படியே தரம் 8 வகுப்புக்குக் கொண்டுபோனேன். யாருடைய பில் என்று சொல்லவில்லை. "மடிப்பையும் சேர்த்தால் எத்தனை சதுர அடி?" என்று கேட்டேன். நான் எதிர்பார்த்த பிழைகள் எல்லாம் வந்தன. சிலர் 6 அங்குலத்தை ஒரு பக்கத்துக்கு மட்டும் கூட்டி 12.5 அடி என்று எழுதினார்கள். சிலர் 6 அங்குலத்தை 0.6 அடி ஆக்கினார்கள். பெரியவர்களும் செய்யும் பிழை அது. ஒரு அடிக்கு 12 அங்குலம். ஆகவே 6 அங்குலம் 0.5 அடி, 3 அங்குலம் 0.25 அடி. மீற்றரில் பழகிய பிள்ளைகளுக்குப் புள்ளிக்குப் பின்னால் அங்குலத்தை அப்படியே எழுதுவது கைப்பழக்கமாக வந்துவிடுகிறது.

சரியாகச் செய்தவர்களின் கணக்கு இது: இரண்டு பக்கமும் அரை அடி சேர்த்தால் நீளம் 13 அடி. மேலும் கீழும் கால் அடி சேர்த்தால் உயரம் 3.5 அடி. பெருக்கினால் 45.5 சதுர அடி.

ஒரு பிள்ளைக்கு மட்டும் 45 வந்தது. அவளிடம் பிழை எதுவும் தெரியவில்லை. நடுப்பகுதி 36. இரண்டு பக்க மடிப்பும் 0.5 தர 3, இரண்டு தடவை, ஆக 3. மேல் கீழ் மடிப்பு 0.25 தர 12, இரண்டு தடவை, ஆக 6. எல்லாம் சேர்த்து 45. அரைச் சதுர அடி காணாமல் போயிருந்தது. நான் சொல்லவில்லை. ஒரு தாளை எடுத்து, ஓரங்களை மடித்து, மடிப்புக் கோட்டில் வெட்டிப் பார்க்கச் சொன்னேன். வெட்டியதும் நாலு மூலைகளிலிருந்தும் நாலு சின்னத் துண்டுகள் தனியாக விழுந்தன. ஒவ்வொன்றும் அரை அடிக்குக் கால் அடி, 0.125 சதுர அடி. நாலும் சேர்த்து 0.5. அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். காசாகப் பார்த்தால் அது 60 ரூபாய்தான். மடிப்பைத் தனித்தனியாகக் கூட்டாமல், முதலில் நீளத்தையும் உயரத்தையும் கூட்டிவிட்டுப் பிறகு பெருக்கினால் மூலை தொலையாது.

சரி, 45.5 வந்துவிட்டது. ஆனால் பில் 52 என்கிறது. இன்னும் 6.5 சதுர அடி, அதாவது 780 ரூபாய் நிற்கிறது. இதற்கு வகுப்பில் விடை கிடைக்கவில்லை. எனக்கும் கிடைக்கவில்லை. அன்று பின்னேரமே கடைக்குப் போனேன்.

கடைக்காரர் என்னை மெஷின் இருக்கும் அறைக்குள் கூட்டிக்கொண்டு போனார். சுவரோரமாக ஃபிளெக்ஸ் ரோல்கள் நிறுத்தியிருந்தன. அவரிடம் இருந்தவை 3 அடி, 4 அடி, 5 அடி, 6 அடி, 8 அடி, 10 அடி அகலத்தில். மூன்றரை அடியில் ரோல் இல்லை. எங்கள் பெனருக்கு மூன்றரை அடி உயரம் வேண்டும். 3 அடி ரோல் போதாது, ஆகவே 4 அடி ரோலில் 13 அடி நீளம் ஓட்டினார்கள். பதின்மூன்று நான்கு ஐம்பத்திரண்டு. ஓரத்தில் வெட்டிய அரை அடி அகலத் துண்டு 13 அடி நீளத்துக்கு மிஞ்சும். அதில் வேறு யாருக்கும் எதுவும் அடிக்க முடியாது. "இங்க பாருங்க சேர்" என்று மூலையில் கிடந்த குவியலைக் காட்டினார். முழுக்க வெள்ளைப் பட்டிகள். அரை அடி தர 13 அடி, அதே 6.5 சதுர அடி. எல்லாக் கடைகளிலும் இப்படித்தான் என்று சொல்ல மாட்டேன். அடித்த அளவுக்கு மட்டும் காசு எடுக்கும் கடையும் இருக்கும், அந்தக் கடையில் சதுர அடி விலை கொஞ்சம் கூட இருக்கலாம். கேட்காமல் தெரியாது. நான் கேட்கவில்லை.

ஆக 1920 இல் 1140 ரூபாய் மடிப்புக்கு, 780 ரூபாய் வெட்டிப்போட்ட பட்டிக்கு. ஒரு சதமும் அந்தப் பிள்ளையின் சட்டைப்பைக்குப் போகவில்லை. அவன் சொன்ன "நாலடி ரோல்" என்ற இரண்டு சொல்லுக்குள் மீதிக் கணக்கு அப்படியே இருந்தது. அதைக் கேட்கும் பொறுமை எனக்கு இருக்கவில்லை.

இன்னொன்றையும் கடைக்காரர் சொன்னார், அது என்னை இன்னும் சுட்டது. 4 அடி ரோலுக்குத்தான் காசு கட்டுகிறோம் என்றால், மடிப்புக்கு அரை அடி போக, பெனரை மூன்றரை அடி உயரமாகவே அடித்திருக்கலாம். அதே 6240 ரூபாய். எழுத்துக்கள் பெரிதாக வந்திருக்கும், பட்டியும் மிஞ்சியிருக்காது. இல்லை, காசு முக்கியம் என்றால் இரண்டரை அடி உயரமாக டிசைன் செய்து 3 அடி ரோலில் ஓட்டியிருக்கலாம். பதின்மூன்று மூன்று முப்பத்தொன்பது சதுர அடி, 4680 ரூபாய். நாங்கள் தேர்ந்தெடுத்த 3 அடி இந்த இரண்டுக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் நட்டப்பட்டது. "எத்தனை அடியில் பெனர் வேண்டும்" என்று முடிவெடுக்குமுன் "என்னென்ன ரோல் இருக்கிறது" என்று கேட்டிருந்தால் அந்த ஒரு கோல் போதும்.

டிசைன் செய்யும் தம்பிமாருக்கும் ஒன்று. வெளியே விடும் மடிப்பு வேறு, டிசைனுக்குள் விடும் ஓரம் வேறு. முந்திய வருடம் ஒரு பெனரில் மடிப்புக்கு இடம் சேர்க்காமல் காணும் அளவிலேயே ஃபைலைக் கொடுத்துவிட்டார்கள். கடையில் வழக்கம்போல மடித்து ஒட்டினார்கள். பாடசாலைப் பெயரின் கடைசி எழுத்து பின்பக்கம் போய்விட்டது. பிரதம அதிதியின் பெயருக்கு நடுவில் ஐலட் வளையம். ஃபைலை மடிப்போடு சேர்த்துச் செய்து, எழுத்தை மடிப்புக் கோட்டிலிருந்து இன்னும் ஒரு சாண் உள்ளே தள்ளி வைத்தால் இது வராது. உள்ளே தள்ளுவதற்குக் காசு கூடாது, எழுத்துத்தான் கொஞ்சம் சிறுக்கும்.

கடைக்காரரிடம் பில்லின் பின்பக்கத்தில் "13 × 4 = 52, 52 × 120 = 6240" என்று எழுதி வாங்கிக்கொண்டு வந்து பொருளாளர் நானாவிடம் காட்டினேன். அவர் இரண்டு தடவை வாசித்தார். ஒன்றும் பேசாமல் 1920 ரூபாயை எண்ணித் தந்தார்.

இஷாவுக்குப் பிறகு அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போனேன். காசைக் கையில் கொடுத்து, பிழை என்னுடையது என்று அவனுடைய வாப்பாவுக்கு முன்னாலேயே சொன்னேன். உம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். அவன் தலையைக் குனிந்துகொண்டே இருந்தான். பிறகுதான் சொன்னான், அன்று கடையில் நின்று எனக்கு இரண்டு தடவை கோல் எடுத்தானாம். நான் பரீட்சை மண்டபத்தில் இருந்தேன், ஃபோன் சைலன்ட். அடுத்த நாள் காலையில் போட்டி என்பதால், வேறு வழியில்லாமல் கையிலிருந்த காசைப் போட்டு எடுத்து வந்திருக்கிறான்.

பரிசளிப்பு விழாவுக்கும் பெனர் அடிக்க வேண்டும், போவாயா மகன் என்று கேட்டேன்.

"போறன் சேர்" என்றான். "ஆனா கோல் எடுத்தா ஆன்சர் பண்ணுங்க."