நோன்பு திறக்கும் தட்டில் ஓர் இளநீர்



என் மாமனார் ஓசூர் சிப்காட் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சிறுநீரகங்கள் செயலிழந்ததால் திங்களும் வியாழனும் டயாலிசிஸ் செய்துகொள்கிறார். நோன்பு வைக்க இயலாமல் ஃபித்யா கொடுத்துவருகிறார். ஆயினும் மஃரிப் வேளையில் எங்களோடு அமர்வார்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ரமளானில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, "மாமா, உடம்புக்குக் குளிர்ச்சி" என்று ராயக்கோட்டை சாலையிலிருந்து இளநீர் வாங்கி வந்தவன் நான்தான். அத்துடன் ஐந்து பேரீச்சம்பழங்களும் இரண்டு வாழைப்பழங்களும் உண்டார். இரவில் கால்கள் தளர்ந்து எழ முடியாமல் போயிற்று. மருத்துவமனையில் இ.சி.ஜி. எடுத்தவுடனேயே பரபரப்பானார்கள். இரத்தத்தில் பொட்டாசியம் 6.8 இருந்தது, 3.5 முதல் 5 வரை இருப்பதே இயல்பு. இதயத்தைக் காக்கக் கால்சியம் ஊசி, பொட்டாசியத்தைத் தற்காலிகமாக உயிரணுக்களுக்குள் தள்ள இன்சுலினும் குளுக்கோஸும், பிறகு நள்ளிரவில் டயாலிசிஸ். அல்லாஹ்வின் அருளால் பிழைத்தார்.

வெயிலிலும் உலைச்சூட்டிலும் வியர்க்கும் இளைஞருக்கு அதே இளநீர் நன்மைதான். மிகுதியான பொட்டாசியத்தில் பெரும்பகுதியை நல்ல சிறுநீரகம் சிறுநீரில் வெளியேற்றிவிடும். பழுதடைந்த சிறுநீரகத்தால் அது முடியாது, இரத்தத்திலேயே தேங்கும். இதயத் துடிப்பை நடத்தும் மின்னோட்டம், உயிரணுவின் உள்ளும் வெளியும் இருக்கும் பொட்டாசிய வேறுபாட்டைச் சார்ந்தது. வெளியே அளவு கூடினால் துடிப்பு தடுமாறும், நின்றும் போகலாம். வலியோ காய்ச்சலோ முன்னறிவிக்காது. பலருக்குக் கால் தளர்ச்சிகூட வருவதில்லை. இரத்தப் பரிசோதனைதான் காட்டும்.

உணவு ஆலோசகர் பின்னர் கணக்குப் போட்டுக் காட்டினார். ஓர் இளநீரில் ஏறக்குறைய 600 மில்லிகிராம், இரண்டு வாழைப்பழங்களில் 750, ஐந்து சிறிய பேரீச்சம்பழங்களில் 250. மாமாவுக்கு ஒரு நாள் முழுமைக்கும் விதித்த வரம்பே 2000. அதில் 1600-ஐ ஒரே அமர்வில் கொடுத்திருக்கிறோம். வியாழன் கழிந்து மூன்று நாள்களாகத் தேங்கியதன் மேல் இது சேர்ந்தது. டயாலிசிஸுக்கு முந்தைய அந்த நீண்ட இடைவெளியே மிக ஆபத்தானது என்பதை அன்றுதான் அறிந்தேன்.

இப்போது ஒரு பேரீச்சம்பழத்தால் சுன்னத்தை நிறைவேற்றிக்கொள்கிறார். அதில் 50 மில்லிகிராம்தான். வாழைப்பழத்துக்குப் பதில் சில ஆப்பிள் துண்டுகள். உருளைக்கிழங்கைத் தோல் சீவிச் சிறிதாக நறுக்கி, நிறைய நீரில் வேகவைத்து நீரைக் கொட்டிவிடுகிறார் என் மனைவி. பொட்டாசியத்தில் ஒரு பகுதி நீரோடு போய்விடும், முழுவதும் போகாது. அந்த நீரை ரசத்தில் சேர்த்தால் பயனே இல்லை. கடையில் விற்கும் 'சோடியம் குறைந்த உப்பு' வீட்டுக்குள் வருவதில்லை, அதில் சோடியத்துக்கு ஈடாகப் பொட்டாசியம் குளோரைடு சேர்க்கிறார்கள். இரத்த அழுத்தத்துக்கு நல்லதென்று அதை வாங்கியவனும் நான்தான்.

சிறுநீரக நோயின் தொடக்கத்தில் இருக்கும் எல்லோருக்கும் இக்கட்டுப்பாடு தேவையில்லை. இரத்தத்தில் உள்ள அளவைப் பார்த்து மருத்துவர்தான் வரம்பு சொல்ல வேண்டும். நலம் விசாரிக்க இளநீரோடு வருபவர்களை வாசலிலேயே நிறுத்தி, அதை எங்கள் பிள்ளைகளுக்கு வாங்கிக்கொள்கிறேன்.